‘வந்துரும்’ என்று சொல்லாத கனிவு

வெள்ளிக்கிழமை என்றால் வேப்பூரில் ஆட்டுச் சந்தை. விடிவதற்கு முன்பே வண்டிகள் வந்துவிடும். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் என்பதால் வெளியூர் வியாபாரிகளும் ஏராளம். ஆட்டின் முதுகைத் தடவி, பல்லைப் பார்த்து, விலை படிந்ததும் பணம் கைமாற வேண்டும். வெயில் ஏறுவதற்குள் நல்ல ஆடுகள் போய்விடும்.

அந்தச் சந்தைக்கு வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை 5.20. ஏடிஎம்மில் பத்தாயிரம் கேட்கிறார். இயந்திரம் உள்ளே கடகடவென்று நோட்டை எண்ணும் சத்தம் கேட்கிறது, பிறகு அடங்கிவிடுகிறது. நோட்டு வரவில்லை. சட்டைப் பையில் இருக்கும் போனுக்கு மட்டும் செய்தி வருகிறது: ₹10,000 கழிக்கப்பட்டது. வங்கிக் கிளை திறக்க இன்னும் பல மணி நேரம் இருக்கிறது. கையில் இருப்பது வங்கியின் வாட்ஸப் எண். அதில் எழுதுகிறார்: “ஏடிஎம்ல காசு வரல, ஆனா அக்கவுண்ட்ல கட் ஆயிடுச்சு. பத்தாயிரம்.”

வங்கியின் அரட்டைச் செயலி, அதாவது சாட்பாட், இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும்? என் பார்வையில், தமிழில் சாட்பாட் வடிவமைப்பவர் எழுதக்கூடிய மிகக் கடினமான நாலு வரி இதுதான்.

பக்கத்தில் நிற்கும் மனிதர் யோசிக்கவே மாட்டார். “கவலப்படாதீங்கண்ணே, வந்துரும்” என்பார். அதைச் சொல்லாவிட்டால் அவர் மனிதரே இல்லை. ஆறுதல் என்றாலே நம் வாயில் முதலில் வருவது ‘வந்துரும்’, ‘ஆயிடும்’, ‘கெடச்சிரும்’, ‘பாத்துக்கலாம்’ என்பவைதாம். சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. தமிழில் ஆறுதலும் வாக்குறுதியும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. ‘வரும்’ என்றால் எதிர்காலம். ‘வந்துவிடும்’ என்றால் அது முடிந்தே தீரும் என்ற உறுதி. அந்த ‘விடு’ என்ற துணைவினைதான் கேட்பவர் நெஞ்சைக் குளிர வைக்கிறது. நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஒன்றுக்குப் பொறுப்பு ஏற்பதும் அதே துணைவினைதான்.

பக்கத்தில் நின்றவர் சொன்னது பலிக்கவில்லை என்றால் யாரும் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்பதில்லை. சாட்பாட் சொன்னால் அது வங்கி சொன்னது. இதைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் ஒன்று 2024 பிப்ரவரியில் தெளிவாக்கியது. பாட்டி இறந்த துக்கத்துக்குப் பயணம் செய்த ஒருவரிடம், துக்கப் பயணக் கட்டணச் சலுகையைப் பயணச்சீட்டு வாங்கிய 90 நாட்களுக்குள் பிறகுகூடக் கேட்டுப் பெறலாம் என்று ஏர் கனடாவின் சாட்பாட் சொல்லியிருந்தது. நிறுவனத்தின் உண்மையான விதி அப்படி இல்லை. பயணம் முடிந்தபின் சலுகை கேட்க முடியாது. சாட்பாட் தனி அமைப்பு, அது சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்று நிறுவனம் வாதிட்டது. தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. இணையதளத்தின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் அது நிறுவனத்தின் பேச்சுதான் என்று சொல்லி, 650 கனடிய டாலருக்குச் சற்று அதிகமான இழப்பீட்டையும் அதன்மேல் வட்டியையும் கட்டணத்தையும் தரச் சொன்னது.

நம் வங்கிகளிலும் இந்த உதவியாளர்கள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி 2016-இல் சென்னையில் ‘லட்சுமி’ என்ற பேசும் ரோபோவை நிறுத்தியது. 2017-இல் எச்டிஎஃப்சி வங்கி ‘ஈவா’வையும், ஸ்டேட் வங்கி ‘சியா’வையும் கொண்டுவந்தன. மூன்றுமே பெண் பெயர்கள். பெயர் வைத்த மறுநொடி, வாடிக்கையாளர் மனதில் கவுண்டருக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்துவிடுகிறார். அந்த ஆள் யார் என்பதை வடிவமைப்பவர் முடிவு செய்யாவிட்டால் வாடிக்கையாளரே முடிவு செய்துகொள்வார். பெரும்பாலும் மேனேஜர் என்றுதான் நினைப்பார்.

ஆகவே முதல் வேலை, அந்த ஆளுக்கு ஒரு பதவி கொடுப்பது. என்னைக் கேட்டால் மேனேஜர் பதவி கூடவே கூடாது. கிளையில் நுழைந்ததும் இருக்கும் மேசையில், பல வருடமாக ஒரே இடத்தில் உட்கார்ந்து, எந்தச் சீட்டு எங்கே போகும், யார் கையெழுத்து வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று அறிந்து வைத்திருக்கும் அக்காவைப் போன்றவர் போதும். கடன் தருவதோ பணம் திருப்புவதோ அவர் கையில் இல்லை. ஆனால் அவரிடம் பேசிவிட்டுப் போனால் அடுத்து என்ன செய்வது என்ற குழப்பம் இருக்காது. இந்தக் குணச்சித்திரத்தை ஒரு பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எதைச் செய்ய முடியும், எதை யாரிடம் அனுப்புவார் என்பதே அதில் முக்கியம். பிடித்த நிறமும் நகைச்சுவை உணர்வும் வேண்டாம். தான் ஒரு கணினி உதவியாளர் என்பதையும் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

விளிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. ‘அண்ணே’, ‘அம்மா’, ‘சார்’ எதையும் இந்தக் குணச்சித்திரம் சொல்லக் கூடாது. கணக்கில் இருக்கும் பெயரை வைத்து ஆணா பெண்ணா, இளையவரா மூத்தவரா என்று ஊகிப்பது அடிக்கடி தவறும். அப்பா கணக்கை மகள் பார்ப்பாள். பாட்டி போனில் பேரன் எழுதுவான். ‘சொல்லுங்க’, ‘பாருங்க’ என்பதில் உள்ள ‘ங்க’ போதுமான மரியாதை. உறவுச் சொல் வேறொரு வேலையும் செய்துவிடும். ‘அண்ணே’ என்று கூப்பிட்டவர் அண்ணனைக் கைவிட மாட்டார் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் இருக்கிறது. ‘நாம’ என்பதும் அப்படித்தான். ‘நாங்க’ என்றால் வங்கி. ‘நாம பாத்துக்கலாம்’ என்றால் நீங்களும் நானும் ஒரே பக்கம் என்று பொருள். ஒரு புகாரில் வங்கியும் வாடிக்கையாளரும் ஒரே பக்கம் இல்லை. அப்படிக் காட்டுவது நேர்மையும் இல்லை.

சரி, ‘வந்துரும்’ என்று ஏன் சொல்ல முடியாது? பணம் வெளியே வரவில்லை என்று அவர்தான் சொல்கிறாரே? அந்தப் பெட்டிக்குப் பின்னால் நடப்பதைப் பார்த்தால் புரியும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் இயந்திரம் தனக்குள் ஒரு பதிவேடு எழுதுகிறது: எத்தனை நோட்டு எண்ணியது, எத்தனை வாய் வழியே தள்ளியது, நடுவில் எங்கே சிக்கியது என்று. கணக்கைக் கழிப்பது வங்கியின் மையக் கணினி. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். சில சமயம் தொடர்பு அறுந்து கணக்குக் கழிந்துவிடும், நோட்டு உள்ளேயே நின்றுவிடும். பின்னர் பெட்டியில் பணம் நிரப்பும் ஏஜென்சி ஆட்கள் திறந்து எண்ணும்போது பதிவேடு சொல்வதைவிடப் பத்தாயிரம் கூடுதலாக இருந்தால், அது இவருடையது. பதிவேடும் இருப்பும் ஒத்துப்போனால், பணம் வெளியே போனது என்றே வங்கி சொல்லும். இவர் அட்டை ஒரு வங்கியுடையது, ஏடிஎம் வேறு வங்கியுடையது என்றால் இந்தச் சரிபார்ப்பு இரண்டு வங்கிகளுக்கு நடுவே நடக்க வேண்டும். காலை 5.20-க்குச் சாட்பாட்டுக்கு இதில் எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது கணக்கில் கழிந்த வரி ஒன்றுதான்.

ஆனால் அதற்கு வேறொன்று உறுதியாகத் தெரியும்: விதி. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ஏடிஎம்மில் கணக்குக் கழிந்து பணம் வராமல் போனால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும். அதைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ₹100 வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். இதற்கு அவர் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. காலண்டர் நாள் கணக்கு இது, ஞாயிறும் சேரும். வெள்ளிக்கிழமை நடந்தது என்றால் கடைசி நாள் புதன்கிழமை. சனிக்கிழமை வந்தால் மூன்று நாள் தாமதம், ₹300.

இப்போது மூன்று பதில்களை எழுதிப் பார்ப்போம். முதலாவது, பழகிய அலுவலக நடை: “தங்கள் புகார் பெறப்பட்டது. உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்.” இதில் வாக்குறுதி இல்லை, ஆளும் இல்லை. யார் மேற்கொள்வார், எப்போது என்று ஒன்றுமில்லை. சந்தையில் நிற்பவருக்கு இது கதவை மூடிய சத்தம். இரண்டாவது, பக்கத்தில் நின்றவரின் நடை: “கவலைப்படாதீங்க, உங்க பணம் 5 நாளைக்குள்ள கண்டிப்பா வந்துரும்!” கனிவு உண்டு, ஆனால் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்கிறது. இதை நம்பி அவர் புதன்கிழமை கொடுப்பதாக ஒருவரிடம் கடன் வாங்கி ஆடு பிடிப்பார்.

மூன்றாவதை நான் இப்படி எழுதுவேன்:

“நான் வங்கியோட கணினி உதவியாளர். இன்னைக்குக் காலை 5.20-க்கு வேப்பூர் ஏடிஎம்ல ₹10,000 கழிஞ்சது உங்க கணக்குல தெரியுது. கையில காசு வராம போனது பெரிய சிரமம்தான். உங்க புகாரைப் பதிவு செஞ்சுட்டேன். நம்பர் கீழ இருக்கு. பணம் மெஷினை விட்டு வெளிய வரலைன்னா, புதன்கிழமைக்குள்ள வங்கி திருப்பிப் போடணும். லேட்டானா ஒரு நாளைக்கு ₹100 சேர்த்துத் தரணும். இது ரிசர்வ் வங்கி விதி. வெளிய வந்துச்சா இல்லையான்னு வங்கி இனிமேதான் சரிபார்க்கணும்; அது எனக்கு இப்ப தெரியாது. மெஷின் கொடுத்த சீட்டு இருந்தா பத்திரமா வச்சுக்கோங்க. வியாழக்கிழமை காலைல நிலவரத்தை நானே எழுதுறேன்.”

இதில் கனிவு எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ‘சிரமம்தான்’ என்ற ஒரு சொல்லில் கொஞ்சம் இருக்கிறது. மீதி முழுவதும் வேறு இடத்தில். அவர் சொன்ன தொகையோடு, சொல்லாத நேரத்தையும் இடத்தையும் சாட்பாட்டே சொல்கிறது. அதாவது இவர் நான்கு முறை விளக்க வேண்டியதில்லை. தாமதமானால் தனக்கு என்ன உரிமை என்று அவர் கேட்பதற்கு முன்பே, வங்கிக்குச் செலவு வைக்கும் அந்தத் தகவலைச் சொல்கிறது. எந்த நாளில் திரும்ப எழுதும் என்றும் சொல்கிறது. நம்மை மதிக்கிறார்கள் என்பதை நாம் இதிலிருந்துதான் உணர்கிறோம். இனிமையான அடைமொழியிலிருந்து அல்ல.

‘செஞ்சுட்டேன்’ என்பதில் அதே ‘விடு’ இருப்பதைக் கவனித்தீர்களா? தமிழ் சாட்பாட்டுக்கு நான் வைக்கும் முதல் இலக்கண விதி இதுதான். ‘விடு’ என்ற துணைவினை இறந்தகாலத்தில் மட்டும் வரலாம். ‘பதிவு செஞ்சுட்டேன்’, ‘அட்டையை நிறுத்திட்டேன்’ எல்லாம் நடந்து முடிந்தவை. அங்கே அந்த உறுதி உண்மையானது, அதன் குளிர்ச்சியும் உண்மையானது. எதிர்காலத்தில் ‘வந்துரும்’, ‘கெடச்சிரும்’ கூடாது. இதிலும் ஒரு கண்டிப்பு வேண்டும். பின்னணியில் இருக்கும் புகார்ப் பதிவு மென்பொருள் எண்ணைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் ‘பதிவு செஞ்சுட்டேன்’ என்ற வரி திரையில் வர வேண்டும். வியாழக்கிழமை எழுதுவதாகச் சொல்வதும், அந்த நினைவூட்டல் உண்மையிலேயே குறித்து வைக்கப்பட்டிருந்தால் மட்டும்தான். தன் கையால் செய்யக்கூடியதற்கு வாக்குக் கொடுக்கலாம்; பிறர் தீர்மானிக்க வேண்டியதற்குக் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது விதி வாக்கிய வரிசை பற்றியது. தமிழில் நிபந்தனை முன்னால் வரும், வினை கடைசியில் வரும். “சரிபார்த்து உறுதியானால், புதன்கிழமைக்குள் பணம் வரும்” என்று எழுதினால் சட்டப்படி பிழையில்லை. ஆனால் அவசரத்தில் இருப்பவர் காதில் தங்குவது கடைசிச் சொல்: ‘பணம் வரும்’. முன்னால் இருந்த ‘உறுதியானால்’ கரைந்துபோய்விடும். அதனால்தான் மேலே உள்ள பதிலில் நிபந்தனையை இரண்டு முறை வைத்தேன். ஒரு முறை விதியோடு. பிறகு ‘எனக்கு இப்ப தெரியாது’ என்று முடியும் தனி வாக்கியமாக. தெரியாது என்ற சொல் வாக்கியத்தின் கடைசியில் நின்றால்தான் அது கேட்கும்.

‘லாம்’ என்ற விகுதியும் ஏமாற்றும். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அகல்விளக்கு செய்யும் சிறு பட்டறைக்காரர் ஒருவர், கார்த்திகைக்கு முன் முத்ரா கடன் கிடைக்குமா என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “நீங்கள் தகுதியானவர், விண்ணப்பிக்கலாம்” என்று பதில் வந்தால், திட்டத்தின் வரையறைக்குள் வருகிறீர்கள் என்பதுதான் எழுதியவர் எண்ணம். பட்டறைக்காரர் படிப்பது, கடன் ஓகே என்று. அதை நம்பி மண்ணுக்கும் சூளைக்கும் முன்பணம் கொடுத்துவிட்டால், கிளையில் கடன் மறுக்கப்படும் நாளில் நஷ்டம் அவருடையது. ‘தகுதி’ என்ற சொல்லையே நான் எடுத்துவிடுவேன். “உங்க தொழில் இந்தத் திட்டத்துக்குள்ள வருது. கடன் கொடுக்கிறதா வேண்டாமான்னு கிளைதான் முடிவு பண்ணும். அதுக்கு முன்னாடி எதுக்கும் முன்பணம் கொடுக்காதீங்க.” அந்தக் கடைசி எச்சரிக்கை அறிவுரையாகத் தெரியலாம். முன்மேசை அக்கா கட்டாயம் சொல்லியிருப்பார்.

முன்பெல்லாம் இந்தப் பதில்கள் மனிதர் எழுதி அடுக்கிய வார்ப்புகள். இப்போது பெரிய மொழி மாதிரிகள் அந்தந்த நேரத்தில் புதிதாக வாக்கியம் எழுதுகின்றன. ஆங்கில எழுத்தில் தட்டப்பட்ட கொச்சைத் தமிழையும் அவை புரிந்துகொள்வது பெரிய வசதி. ஆனால் அவை நம் பேச்சிலிருந்தும் எழுத்திலிருந்தும் கற்றவை. நம் ‘வந்துரும்’ பழக்கத்தையும் சேர்த்தே கற்றிருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு இணைய ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2025-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதில் முக்கியமானது. ஐந்து மொழி மாதிரிகளைக் கனிவாகப் பேசும்படி மட்டும் பயிற்றுவித்துப் பார்த்தார்கள். அவற்றின் தவறுகள் 10 முதல் 30 சதவீதப் புள்ளி வரை கூடின. பேசுபவர் வருத்தத்தில் இருப்பதாகச் சொன்னால் நிலைமை இன்னும் மோசமானது. அவர் தவறாக நம்புவதையே ஆமாம் என்று சொல்லத் தொடங்கின. கனிவைத் தனியே ஊற்றினால் உண்மை நீர்த்துப்போகிறது.

அதனால் வங்கிக்கான வடிவமைப்பில் இரண்டையும் பிரித்து வைப்பதே பாதுகாப்பு. தொகை, நாள், விதி, புகார் எண் ஆகியவை மொழி மாதிரியின் நினைவிலிருந்து வரக் கூடாது. விதிகளை வைத்திருக்கும் தனி அட்டவணை கணக்கிட்டுத் தர வேண்டும். ஏடிஎம்முக்கு ஐந்து நாள்; அதே சுற்றறிக்கையில், யுபிஐ வழியாக இன்னொருவர் கணக்குக்கு அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். இவ்விரண்டையும் மொழி மாதிரி எளிதில் குழப்பிக்கொள்ளும், அட்டவணை குழப்பாது. மாதிரியின் வேலை அந்த எண்களைச் சுற்றி நல்ல தமிழில் பேசுவது மட்டும். அது எழுதியதை அனுப்புவதற்கு முன் இன்னொரு சிறு சல்லடை பார்க்க வேண்டும்: எதிர்கால ‘விடும்’, ‘கண்டிப்பா’, ‘நிச்சயம்’, ‘கவலையே வேண்டாம்’ வருகிறதா என்று. இருந்தால் அந்தப் பதிலை நிறுத்தி, மனிதர் எழுதிய வார்ப்பை அனுப்ப வேண்டும். பேச்சுத் தமிழில் ‘வந்துரும்’, ‘வந்திரும்’, ‘வந்துடும்’ என்று ஒரே சொல் பல உருவில் வரும் என்பதால் இந்தச் சல்லடையைத் தமிழ் பேசுபவர் உட்கார்ந்துதான் கட்ட முடியும்.

சல்லடையும் தப்பவிடும். ‘புதன்கிழமை போன் பண்ணிக் கேளுங்க, சந்தோஷமான சேதி காத்திருக்கும்’ என்பதில் தடைசெய்த சொல் எதுவும் இல்லை. பதில் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்றே ஒன்றுதான். வங்கி வேலைக்குச் சம்பந்தமில்லாத சிலரிடம் அந்தச் செய்தியைக் காட்டிவிட்டு, போனை வாங்கி வைத்துக்கொண்டு, “வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்க வேண்டும். “புடிச்சிருந்ததா?” என்று கேட்டால் இரண்டாவது பதிலுக்குத்தான் எல்லாரும் மதிப்பெண் போடுவார்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால் உண்மை வெளியே வரும். “புதன்கிழமை பணம் வந்துருமாம்” என்று ஒருவர் சொன்னால் அந்த வாக்கியம் தோற்றுவிட்டது, எழுதியவர் எவ்வளவு கவனமாக எழுதியிருந்தாலும். “செக் பண்றாங்களாம், வரவேண்டியதுன்னா புதன்கிழமைக்குள்ள போடணுமாம், வியாழக்கிழமை சொல்றாங்களாம்” என்று வந்தால் சரி.

வியாழக்கிழமை வருகிறது. சரிபார்ப்பு இன்னும் முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். இன்று எழுதுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம், ஏனென்றால் சொல்ல நல்ல சேதி இல்லை. பல சாட்பாட்கள் இந்த நாளில் வாயே திறப்பதில்லை. நம் உதவியாளர் காலையில் தானாகவே எழுதுகிறது:

“உங்க ₹10,000 இன்னும் திரும்ப வரலை. சரிபார்ப்பு முடியலை. நேத்தோட அஞ்சு நாள் முடிஞ்சது. பணம் மெஷினுக்குள்ளயே நின்னிருந்தா, இன்னையிலிருந்து திருப்பிப் போடுற நாள் வரைக்கும் ஒரு நாளைக்கு ₹100 வங்கி தரணும். ஒரு ஆளோட பேசணும்னா 1 அனுப்புங்க, உங்க புகார் விவரத்தோட மாத்துறேன். திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. புகார் பண்ணி 30 நாள்ல தீரலைன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்கிட்ட நீங்க போகலாம். அதுக்கான உதவி எண் 14448.”